யாருடைய ஒப்புதல்? ஆய்வு நெறிமுறைக் குழுவின் கூட்டக் குறிப்பை வாசிக்கும் முறை

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நலவாழ்வு மற்றும் குடும்ப நலத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் 72ஆவது அறிக்கையை முன்வைத்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான ஹெச்.பி.வி. தடுப்பூசியைச் சிறுமிகளுக்குச் செலுத்திய ஓர் ஆய்வுத் திட்டத்தைப் பற்றியது அந்த அறிக்கை. 'பாத்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பங்கேற்புடனும் மாநில அரசுகளின் துணையுடனும், 2009இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் இத்திட்டத்தைத் தொடங்கியது. கம்மத்தில் ஊசி போடப்பட்ட சிறுமிகளில் பெரும் பகுதியினர் பழங்குடி, தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பலர் அரசு விடுதிகளிலும் ஆசிரமப் பள்ளிகளிலும் தங்கிப் படித்தவர்கள். சிறுமிகள் சிலர் இறந்த செய்தி வெளிவந்ததைத் தொடர்ந்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது.

அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று அரசு அமைத்த விசாரணைக் குழு கூறியது. தடுப்பூசியின் மருத்துவப் பயன் வேறு கேள்வி. நிலைக்குழுவின் அறிக்கையில் நம் கவனத்துக்குரியது ஒப்புதல் படிவங்களின் கணக்கு. ஆந்திரத்தில் 9,543 படிவங்களில் 2,763 படிவங்களில் கையொப்பமிட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948 படிவங்களில் கைரேகை மட்டுமே இருந்தது. எடுத்துப் பார்த்த நூறு படிவங்களில் 69இல் சாட்சியின் கையொப்பம் இல்லை. பெற்றோருக்குப் பதிலாகத் தலைமையாசிரியர்களைக் கையொப்பமிடச் சொன்ன மாநில அரசின் உத்தரவு சட்டப்படி மிகவும் கேள்விக்குரியது என்று நிலைக்குழு எழுதியது.

ஏறத்தாழப் பத்தில் மூன்று சிறுமிகளின் உடல் மீதான முடிவைப் பெற்றோர் எடுக்கவில்லை, விடுதிக் காப்பாளர் எடுத்தார் என்பதே இந்த எண்ணிக்கையின் பொருள். இத்தகைய நிலை கையொப்பமிடும் நாளில் திடீரென்று உண்டாவதில்லை. 'யார் ஒப்புதல் தரலாம்' என்ற ஒரு வரி, ஆய்வு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒரு கூட்ட அறையில் எழுதப்படுகிறது, அல்லது எழுதப்படாமல் விடப்படுகிறது. அந்த அறையில் நடந்ததற்கான எழுத்துச் சான்றுதான் ஆய்வு நெறிமுறைக் குழுவின் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. விடுதிகளையும் சேரிகளையும் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகளையும் நாடி ஆய்வாளர்கள் தொடர்ந்து வருகிறார்கள். ஆகவே இந்தக் குறிப்பை வாசிக்கக் கற்பது நம் மக்களுக்கு அவசியமாகிறது.

குழுவும் அதன் நான்கு முடிவுகளும்

மனிதர்களை உட்படுத்தும் எந்த மருத்துவ ஆய்வும் ஒரு நெறிமுறைக் குழுவின் முன்அனுமதி பெற வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளும், புதிய மருந்துகளுக்கான ஆய்வுகளைப் பொறுத்தவரை 2019ஆம் ஆண்டின் விதிகளும் இக்குழுக்களை ஆள்கின்றன. உறுப்பினர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். தலைவர் கட்டாயமாக வெளியாள். உறுப்பினர் செயலர் நிறுவனத்தின் உள்ளாள். மருத்துவர்களோடு சட்டம் அறிந்தவர், சமூக அறிவியலாளர், துறைசாராப் பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் இடம்பெற வேண்டும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது ஐந்து பேர் இருக்க வேண்டும். இந்தக் குறைந்தபட்ச வருகையைக் 'கோரம்' என்பர். அது நிறைவேறாமல் எடுக்கப்பட்ட முடிவு செல்லாது.

ஓர் ஆய்வுத் திட்டத்தை விவாதித்த பின் குழு நான்கில் ஒரு முடிவை எடுக்கிறது. முதலாவது, உள்ளபடியே ஒப்புதல். இரண்டாவது, சிறு திருத்தங்களுக்குப் பின் ஒப்புதல். இதில் திருத்தப்பட்ட ஆவணத்தை உறுப்பினர் செயலரோ ஓரிரு உறுப்பினர்களோ பார்த்து அனுமதித்துவிடலாம். முழுக் குழு மீண்டும் கூட வேண்டியதில்லை. மூன்றாவது, பெரும் திருத்தம். ஆய்வாளர் திட்டத்தை மாற்றி எழுதி, முழுக் குழுவின் முன் மீண்டும் வைக்க வேண்டும். நான்காவது, காரணம் காட்டி மறுத்தல்.

வெளியே நிற்பவருக்கு நான்கும் அலுவலகச் சொற்களாகத் தோன்றும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில்தான் பெரும்பாலான தவறுகள் நுழைகின்றன. எழுத்துப் பிழை, படிவத்தின் எழுத்து அளவு, தொலைபேசி எண் விடுபட்டது போன்றவை சிறு திருத்தங்கள். யார் ஒப்புதல் தருவது, யாரைத் தேர்ந்தெடுப்பது, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பவை பெரும் திருத்தங்கள். பின்னவற்றை முன்னவற்றின் பட்டியலில் எழுதிவிட்டால், பல கண்கள் பார்க்க வேண்டிய ஒன்றை ஒருவரின் கண் மட்டும் பார்க்கும். அந்த ஒருவர் ஆய்வாளரின் அதே நிறுவனத்தில் பணிபுரிபவராகவும் இருப்பார்.

கற்பனையான ஓர் ஆய்வு

விளக்கத்துக்காக ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். இது எந்த உண்மையான கல்லூரியையும் குறிப்பதன்று. ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை, ஆறு ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் 12 முதல் 17 வயதுவரையுள்ள 300 சிறுமிகளிடம் ரத்தசோகை பற்றி ஆய்வு செய்ய விண்ணப்பிக்கிறது. பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை, மறுபாதிக்கு வாரம் மூன்றுமுறை. தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் ஒவ்வொரு சிறுமியிடமிருந்தும் 5 மில்லிலிட்டர் ரத்தம் எடுக்கப்படும். ஒப்புதலைப் பற்றித் திட்டம் கூறுவது ஒரே வரி: 'விடுதிக் காப்பாளரிடமிருந்து ஒப்புதல் பெறப்படும்.'

இதில் கொடியவர் யாருமில்லை. ஆய்வின் நோக்கம் பயனுள்ளது. ரத்தசோகை நம் சிறுமிகளை வாட்டும் உண்மையான நோய். ஆய்வாளர் சொல்லும் காரணத்திலும் நியாயம் உண்டு. பெற்றோரில் பலர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர்விட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். காப்பாளர்தான் அன்றாடப் பொறுப்பாளர் என்கிறார் அவர்.

இந்தத் திட்டத்தை ஒரு குழு சோம்பலாகக் கையாண்டால் கூட்டக் குறிப்பு இவ்வாறு அமையும்:

'பொருள் 7: முதன்மை ஆய்வாளர் திட்டத்தை விளக்கினார். ஒப்புதல் பெறும் முறை குறித்து உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர். இயன்றவரை பெற்றோரின் ஒப்புதலையும் பெறுமாறு அறிவுறுத்தப்பட்டது. முடிவு: சிறு திருத்தங்களுடன் ஒப்புதல் அளிக்கப்பட்டது.'

படிக்கும்போது குறை எதுவும் கண்ணில் படாது. ஆனால் 'இயன்றவரை' என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் கரைத்துவிட்டது. இயலவில்லை என்று யார் முடிவு செய்வது? எத்தனை முறை முயன்ற பிறகு? இயலாதபோது அந்தச் சிறுமி ஆய்வில் சேர்க்கப்படுவாளா, விடப்படுவாளா? கருத்துத் தெரிவித்தவர் யார், என்ன கருத்து என்பதும் இல்லை. நாளை ஒரு தாய் வந்து 'என் பிள்ளையின் ரத்தத்தை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்' என்று கேட்டால், காப்பாளரின் கையொப்பத்தையும் இந்த நான்கு வரிகளையும் காட்டி எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம்.

அதே கூட்டம், பொறுப்புடன் எழுதப்பட்டால்

பொறுப்புள்ள குழு இதே திட்டத்தைப் பெரும் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பும். அதன் குறிப்பு, எழுந்த ஒவ்வொரு ஐயத்தையும் அதற்கான காரணத்தோடும் கேட்கப்படும் மாற்றத்தோடும் தனித்தனியாக எழுதும். நம் கற்பனை ஆய்வில் நான்கு நிபந்தனைகள் இடம்பெறலாம்.

முதல் நிபந்தனை ஒப்புதல் பற்றியது. தேசிய நெறிமுறைகளின்படி 18 வயது நிறையாதவருக்காகப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் ஒப்புதல் தர வேண்டும். அதோடு 12 வயதுக்கு மேற்பட்ட சிறாரின் எழுத்துபூர்வமான இசைவும் தேவை. காப்பாளர் விடுதிக்குள் நுழைய அனுமதி தரலாம். அந்த அனுமதி சிறுமியின் உடலுக்குள் ஊசி நுழைவதற்கான அனுமதியாகாது. எனவே குறிப்பு இவ்வாறு எழுதும்: 'காப்பாளரின் ஒப்புதல் என்ற பகுதி நீக்கப்பட வேண்டும். ஜூன் மாதம் விடுதி திறக்கும்போது பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் நாட்களில் அவர்களை நேரில் சந்தித்து, தமிழில் படித்துக்காட்டி ஒப்புதல் பெற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் கைரேகை வைக்கும்போது, ஆய்வுக் குழுவையும் விடுதியையும் சாராத, எழுத்தறிந்த ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். சிறுமியின் இசைவைக் கேட்கும்போது காப்பாளர் அருகில் இருக்கக்கூடாது. பெற்றோரைச் சந்திக்க முடியாத சிறுமியை ஆய்வில் சேர்க்கக்கூடாது.'

கடைசி வாக்கியமே இந்நிபந்தனையின் உயிர். பெற்றோரை அடைய முடியாவிட்டால் இழப்பு ஆய்வாளருக்கு நேரட்டும், சிறுமியின் உரிமைக்கு நேரக்கூடாது என்று அது தீர்த்துவிடுகிறது. ஆய்வாளரின் நடைமுறைச் சிக்கலையும் குழு புறக்கணிக்கவில்லை. விடுதி திறக்கும் நாட்களைச் சுட்டி, நடக்கக்கூடிய ஒரு வழியைக் காட்டியிருக்கிறது.

இரண்டாவது நிபந்தனை, ஏன் இந்தச் சிறுமிகள் என்ற கேள்வி. ரத்தசோகை எல்லாச் சாதியிலும் உண்டு. அரசு மேல்நிலைப் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும் உண்டு. அப்படியிருக்க ஆதிதிராவிடர் நல விடுதிகள் மட்டும் ஏன்? முந்நூறு பேர் ஒரே கூரையின்கீழ் கிடைப்பார்கள், ஆறு மாதமும் எங்கும் போகமாட்டார்கள், மறுப்பவர்கள் குறைவு என்பது காரணமானால் அது வசதிக்கான தேர்வு. சமூகத்தில் பின்தள்ளப்பட்டோரையும் நிறுவனங்களின் பிடியில் வாழ்வோரையும் தேசிய நெறிமுறைகள் எளிதில் பாதிப்புக்குள்ளாகும் பிரிவினர் என்று வகைப்படுத்துகின்றன. அவர்களை ஆய்வுக்கு உட்படுத்த வேண்டுமானால் அந்த ஆய்வு அவர்களுடைய நலத் தேவைக்கு விடைதருவதாக இருக்க வேண்டும். ஆகவே குழு, தேர்வுக்கான அறிவியல் காரணத்தை எழுதித் தருமாறும், இல்லையெனில் பிற பள்ளி மாணவியரையும் சேர்த்துத் திட்டத்தை மாற்றுமாறும் கேட்கிறது. விடுதியின் உணவில் குறைபாடு இருக்கிறதா என்று அறிவதே நோக்கம் என ஆய்வாளர் கூறினால், உணவையும் அளந்து, முடிவைத் துறைக்குத் தெரிவிக்கும் கடமையையும் திட்டத்தில் எழுதுமாறு கேட்கலாம்.

மூன்றாவது, ஆய்வின் நடுவே கண்டறியப்படும் நோய்க்கு யார் பொறுப்பு என்பது. இந்த வயதில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே இறங்கினால் உலக சுகாதார நிறுவனம் அதைக் கடுமையான ரத்தசோகை என்கிறது. தொடக்க நாளில் ஒரு சிறுமிக்கு 6.5 என்று முடிவு வருகிறது என்று கொள்வோம். நம் கற்பனைத் திட்டத்தில் அவளுக்கு என்ன செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. அவளும் குலுக்கல் முறையில் ஒரு பிரிவில் விழுந்து, மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பாள். அறிவியலுக்கு அவள் ஓர் எண். இதைத் தடுக்கக் குழு எழுதும் நிபந்தனையில் அளவும் காலமும் ஆளும் இருக்க வேண்டும்: '8 கிராமுக்குக் கீழ் உள்ள சிறுமியை ஆய்வில் சேர்க்கக்கூடாது. முடிவு வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றோருக்குத் தெரிவித்து, மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். பயணச் செலவை ஆய்வு நிதி ஏற்க வேண்டும். பொறுப்பு முதன்மை ஆய்வாளருடையது.' 48 மணி நேரம் என்பது இந்தக் குழு வைக்கும் வரம்பு. வேறொரு குழு வேறு வரம்பை வைக்கலாம். ஏதேனும் ஒரு வரம்பு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

நான்காவது, எஞ்சிய ரத்தமும் சேகரித்த தகவலும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'மாதிரிகள் எதிர்கால ஆய்வுக்காகப் பாதுகாக்கப்படும்' என்ற வரி இருக்கிறது. ரத்தசோகைக்காகத் தந்த ரத்தம் நாளை மரபணு ஆய்வுக்குப் போகலாம். அந்த ஆய்வு 'இன்ன சாதியினரின் மரபணுவில் இன்ன குறை' என்று தலைப்பிட்டு வெளிவரலாம். ஒரு சிறுமியின் பெயரை மறைத்தாலும் சாதியின் பெயரும் விடுதியின் பெயரும் அச்சில் வந்தால் களங்கம் எல்லோர் மீதும் விழும். எனவே சேமிப்புக்குத் தனி ஒப்புதல் கேட்க வேண்டும், அதை மறுத்தவரும் ஆய்வில் பங்கேற்கலாம், விடுதியின் பெயர் எந்த வெளியீட்டிலும் வரக்கூடாது, உட்சாதி விவரம் ஆய்வுக் கேள்விக்குத் தேவையில்லையெனில் படிவத்திலிருந்து நீக்கப்பட வேண்டும் என்று குழு எழுதுகிறது.

நான்கிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. ஒவ்வொன்றையும் பின்னாளில் ஒருவர் கள ஆவணத்தோடு ஒப்பிட்டு, நிறைவேறியதா இல்லையா என்று இரண்டில் ஒன்றாகச் சொல்லிவிட முடியும். 'இயன்றவரை', 'உரிய கவனத்துடன்', 'தகுந்த முறையில்' என்று எழுதப்பட்டவற்றை அப்படிச் சரிபார்க்க முடியாது.

திருத்தம் திரும்பி வரும்போது

பெரும் திருத்தம் கோரப்பட்ட திட்டம் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. ஆய்வாளர் ஒவ்வொரு நிபந்தனைக்கும் தன் பதிலையும், மாற்றம் எந்தப் பக்கத்தில் எந்தப் பத்தியில் செய்யப்பட்டது என்பதையும் எழுதித் தர வேண்டும். இரண்டாம் கூட்டத்தின் குறிப்பு முதற்கூட்டத்தின் நிபந்தனைகளை வரிசையாக எடுத்து, 'நிறைவேறியது', 'நிறைவேறவில்லை' என்று முடிக்க வேண்டும். நான்கு கேட்கப்பட்டு மூன்றுக்கு மட்டும் விடை பதிவாகியிருந்தால், நான்காவது கைவிடப்பட்டது என்று பொருள். நடைமுறையில் பெரும்பாலும் ஆய்வாளர் மறுத்து வாதிடுவதில்லை. கடினமான நிபந்தனையைப் பற்றி எதுவும் சொல்லாமல் கடந்துவிடுகிறார். குழுவும் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது.

நம் ஆய்வில், திட்ட ஆவணத்தில் காப்பாளர் ஒப்புதல் நீக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தமிழ் ஒப்புதல் படிவத்தின் அடியில் 'பெற்றோர் / காப்பாளர் கையொப்பம்' என்ற பழைய கோடு அப்படியே இருக்கிறது. ஆங்கிலத் திட்டத்தைத் திருத்தியவர் தமிழ்ப் படிவத்தை மறந்துவிட்டார். களத்துக்குப் போவது தமிழ்ப் படிவம்தான். அந்தச் சாய்கோடு ஒன்று போதும், முதல் நிபந்தனை முழுவதும் வீணாக. இதனால்தான் ஒழுங்கான குறிப்பு, ஒப்புதல் அளிக்கப்பட்ட ஒவ்வொரு ஆவணத்தின் பதிப்பு எண்ணையும் தேதியையும் மொழியையும் எழுதுகிறது. களத்தில் உள்ள படிவத்தின் எண் குறிப்பில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லையெனில், அங்கே பயன்படுவது குழு அனுமதிக்காத படிவம்.

இன்னொரு தேதியும் முக்கியம். ஒப்புதல் கடிதத்தின் தேதிக்கு முன் ஒரு சிறுமியிடமும் ரத்தம் எடுக்கப்பட்டிருக்கக்கூடாது. நிபந்தனையுடன் கூடிய முடிவை ஒப்புதல் என்று எண்ணிக்கொண்டு, திருத்தம் முடிவதற்குள் ஆள்சேர்ப்பைத் தொடங்கிவிடுவது தெரிந்தே நடக்கும் மீறல்களில் ஒன்று. முதல் ஒப்புதல் படிவத்தின் தேதியையும் கடிதத்தின் தேதியையும் அருகருகே வைத்தால் அது உடனே புலப்படும். ஒப்புதலோடு குழுவின் வேலையும் முடிவதில்லை. நடந்துவரும் ஆய்வை ஆண்டுக்கு ஒருமுறையாவது அது மறுபரிசீலனை செய்ய வேண்டும். அதற்கும் குறிப்பு இருக்க வேண்டும்.

யார் இருந்தார், யார் எழுந்து போனார்

குறிப்பின் முதற்பக்கத்தை, வருகைப் பட்டியல் என்று தள்ளிவிடக் கூடாது. ஐந்து பேர் இருந்தார்களா, வெளியாள் எத்தனை பேர், துறைசாரா உறுப்பினர் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பித்த ஆய்வாளரே குழுவின் உறுப்பினராகவோ, அவருடைய துறைத் தலைவர் உறுப்பினராகவோ இருந்தால், அந்தப் பொருள் வரும்போது அவர் நலமுரண்பாட்டை அறிவித்து வெளியேற வேண்டும். வெளியேறியதும் மீண்டும் வந்ததும் குறிப்பில் பதிவாக வேண்டும். அவர் போன பின்பும் கோரம் நிறைந்திருந்ததா என்பது அடுத்த கேள்வி. ஐந்து பேர் மட்டும் வந்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து போனால் நான்கு பேரின் முடிவு செல்லாது.

மாறுபட்ட கருத்தும் எழுதப்பட வேண்டும். குழு பொதுவாக ஒருமித்த முடிவையே நாடுகிறது. அது இயலாதபோது வாக்கெடுப்பு நடக்கும். ஏற்காதவரின் காரணத்தைப் பதிவு செய்வது நெறி. விடுதிச் சிறுமிகளைப் பற்றிய விவாதத்தில் அந்த அறையில் எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள் துறைசாரா உறுப்பினராக இருக்கலாம். பேராசிரியர்கள் நிறைந்த மேசையில் அவர் சொன்னது 'உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர்' என்ற வரியில் கரைந்துபோனால், அவர் வந்ததன் பயன் கோரத்தை நிரப்பியது மட்டுமே.

இங்கே விதிகளிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. மருந்தாய்வு விதிகள் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்கின்றன. சட்ட அறிஞர் வேண்டும் என்கின்றன. தலித் அல்லது பழங்குடி உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. ஆய்வுக்கு உள்ளாகும் சமூகத்தின் பிரதிநிதியைச் சிறப்பு அழைப்பாளராக அழைத்துக் கருத்துக் கேட்க நெறிமுறைகள் இடம்தருகின்றன. அவருக்கு வாக்குரிமை இல்லை. அழைப்பதும் குழுவின் விருப்பத்தைப் பொறுத்தது. ஆதிதிராவிடர் விடுதி பற்றிய ஆய்வில் அப்படி யாரும் அழைக்கப்படவில்லை என்றால், வருகைப் பட்டியலே அதைச் சொல்லிவிடும்.

குறிப்பைப் பெறும் வழியும் அதன் எல்லையும்

இக்குறிப்புகள் பெரும்பாலும் பொதுவெளியில் வைக்கப்படுவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி, அரசு நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனம் ஆகியவை தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் வரும் பொது அதிகார அமைப்புகள். ஆய்வின் தலைப்பையும் ஏறத்தாழ நடந்த காலத்தையும் குறிப்பிட்டு, அந்த ஆய்வு தொடர்பான எல்லாக் கூட்டக் குறிப்புகளின் பகுதிகளையும், ஒப்புதல் கடிதத்தையும், அனுமதிக்கப்பட்ட தமிழ் ஒப்புதல் படிவத்தின் நகலையும் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வணிக ரகசியம், தனிநபர் தகவல் என்ற காரணங்களைக் காட்டி மறுப்பது வழக்கம். அப்போது சட்டத்தின் 10ஆவது பிரிவை நினைவூட்ட வேண்டும். விலக்குப் பெற்ற வரிகளை மறைத்துவிட்டு எஞ்சியதைத் தர வேண்டும் என்கிறது அப்பிரிவு. மருந்தின் செய்முறை ரகசியமாக இருக்கலாம். 'யார் ஒப்புதல் தரலாம்' என்ற வரி எந்த நிறுவனத்தின் வணிக ரகசியமும் ஆகாது.

காலம் தாழ்த்தாமல் கேட்பதும் அவசியம். ஆய்வு முடிந்த பின் ஆவணங்களை மூன்று ஆண்டுகளும், மருந்து ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஆய்வானால் ஐந்து ஆண்டுகளும் பாதுகாத்தால் போதும் என்பது நெறிமுறை. தனியார் கல்லூரியானால் வழி குறுகிவிடுகிறது. ஆயினும் மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டின் ctri.nic.in தளத்தில் ஆய்வின் பதிவைத் தேடினால், அனுமதி அளித்த குழுவின் பெயரும் அனுமதியின் நிலையும் தெரியும். ஆய்வில் பங்கேற்றவரிடமோ பெற்றோரிடமோ ஒப்புதல் படிவத்தின் ஒரு நகல் தரப்பட்டிருக்க வேண்டும். குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் அதில் இருக்கும். நகலே தரப்படவில்லை என்றால் அதுவே முதல் புகார்.

கூட்டக் குறிப்பு சொல்ல முடியாததும் உண்டு. அறையில் எடுக்கப்பட்ட முடிவு விடுதி வாசலில் எப்படி நடந்தது என்பதை அது காட்டாது. மிக நேர்த்தியான நிபந்தனையும் களத்தில் மீறப்படலாம். கம்மத்தில் சாட்சியின் கையொப்பத்துக்கு உரிய இடம் படிவத்தில் இருந்தது; அந்த இடம்தான் வெறுமையாகக் கிடந்தது. ஆகவே குறிப்பு ஓர் அளவுகோல் மட்டுமே. ஒரு கையில் குழு கேட்டதையும் மறு கையில் களத்தில் நிரப்பப்பட்ட படிவங்களையும் வைத்து ஒப்பிடும்போதுதான் மீறல் வெளிப்படும். குறிப்பில் 'இயன்றவரை' என்று எழுதியிருந்தால் ஒப்பிடுவதற்கே ஒன்றுமில்லை, எதுவும் மீறலாகாது. அதனால் நம் கோரிக்கை இரண்டாக அமைய வேண்டும். நம் பிள்ளைகளின் விடுதிக்கு வரும் ஒவ்வொரு ஆய்வுக்கும் குழுவின் கூட்டக் குறிப்பும் தமிழ்ப் படிவமும் விடுதியிலேயே பெற்றோர் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்தக் குறிப்பை எழுதும் மேசையில் நம்மவர் ஒருவர் வாக்குரிமையோடு அமர வேண்டும்.